உப்பைக் குறைத்தவள்

மாட்டுங்கா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வித்யா,

ஆசீர்வாதம். பார்சல் புதன்கிழமையே வந்துவிட்டது. நாலு மாவடு பாட்டிலும் உடையாமல் வந்தன. முகவரி எப்போதும் மாப்பிள்ளை கையெழுத்தில் இருக்கும். அந்தச் சாய்ந்த எழுத்தைப் பார்த்தே பெங்களூரிலிருந்து என்று சொல்லிவிடுவேன். இந்த முறை அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது. வியாபாரம் பெருகினால் அப்படித்தான் போலிருக்கிறது.

உன் விளம்பரக் கதையை எதிர்வீட்டு ராஜி மாமி தன் போனில் காட்டினாள். நீ எனக்கு அனுப்பவில்லை, சரி, வேலை இருந்திருக்கும். மாமி படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். நானும் இரண்டு தடவை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். பாட்டியின் ஒன்பது கஜத்தையும், ஜாடி வாயில் கட்டும் வெள்ளைத் துணியையும் அப்படியே கொண்டுவந்துவிட்டாய். கடைசியில் பாட்டி ஜாடியை என் கையில் கொடுத்து "இனிமேல் உன் கை" என்று சொல்கிற இடத்துக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உப்பு. உன் பாட்டிலைத் திறந்தபோது மூடி 'டப்' என்று எழும்பியது. மேலே வெள்ளையாக, ஆறின பால் ஏடு மாதிரி மெல்லிசாக ஒரு படலம். ஒரு வடுவை எடுத்து விரலால் அழுத்தினேன். நல்ல மாவடு சுருங்கியிருக்கும், ஆனால் உள்ளே கெட்டியாக இருக்கும், கடித்தால் 'நறுக்' என்று சத்தம் கேட்கும். இது தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. மீதி மூன்றையும் திறந்து பார்த்தேன். இன்னொன்றிலும் அதே கதை.

சீட்டில் 'உப்பு குறைவு' என்று பெருமையாகப் போட்டிருக்கிறாய். எவ்வளவு போட்டாய்? கிலோவுக்கு நூறு கிராம் இருக்குமா? நாக்கு எனக்கு அப்படித்தான் சொல்கிறது. பாட்டியின் கணக்கு ஐந்து கிலோ வடுவுக்கு ஒரு கிலோ கல்லுப்பு, அதாவது கிலோவுக்கு 200 கிராம். வடுவையும் உப்பையும் சேர்த்து 1200 கிராமில் உப்பு 200 என்றால் நூற்றுக்குப் பதினாறு, பதினேழு. உன்னுடையது 1100-இல் நூறு, நூற்றுக்கு ஒன்பதுதான் வருகிறது. அந்த அளவில் வடு சும்மா இருக்காது, புளிக்க ஆரம்பிக்கும். மூடியைத் தூக்கியது அந்தக் காற்றுதான். அப்புறம் பாட்டிலின் கழுத்தில் நீ விட்டிருக்கும் காலி இடத்தில் படலம் கட்டும். புளிப்புதான் வடுவுக்குக் காவல், படலம் அதையே தின்று தீர்த்துவிடும். பிறகு வடு கொழகொழத்துப்போகும். உப்பைக் குறைக்காதே.

படலத்தை எடுத்துப் போட்டுவிட்டு, நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, உப்பைக் கூட்டி ஊற்றுவது வீட்டு வைத்தியம். காசு வாங்கி விற்ற பொருளுக்கு அது ஆகாது. அந்த ஈடு யார் யாருக்குப் போயிற்றோ அவர்களிடம் சொல்லித் திரும்ப வாங்கிவிடு. நஷ்டம்தான். உப்புக் குறைத்துத்தான் விற்பேன் என்றால் பிரிட்ஜில் வைக்கிற சரக்காக, சின்னப் பாட்டிலில், வடு நீரில் முங்கியிருக்கும்படி விற்றுக்கொள். பாட்டி பெயரைப் போட்டு, அலமாரியில் வருஷம் முழுக்க இருக்கும் என்று மட்டும் எழுதாதே.

இன்னொன்று. வடுவை மொட்டை மாடி வெயிலில் பாட்டி பரப்பியதாக எழுதியிருக்கிறாய். வெயிலா! கழுவி, வேட்டித் துணியில் கூடத்து நிழலில் ஈரம் போக உலர்த்துவதோடு சரி. வெயிலில் போட்டால் உப்பு இழுக்க வேண்டிய தண்ணீரை வெயில் இழுத்துக்கொண்டு போய்விடும், அப்புறம் ஊறுவதற்கு நீர் ஏது? சின்னக் காம்பை விட்டுவைத்து, விளக்கெண்ணெயில் புரட்டி, உப்புப் போட்டு, தினம் ஜாடியைக் குலுக்கி, நாலைந்து நாளில் விட்ட நீரிலேயே மிளகாயும் கடுகும் அரைத்துக் கலப்பாள். உன் கதையிலும் விளக்கெண்ணெய் இல்லை, சீட்டிலும் இல்லை. பேரைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று விட்டாயா? போட்டிருந்தால் சீட்டில் இருந்தாக வேண்டும், அது சட்டம். போடவில்லை என்றால் தோல் வழுவழுப்புக்கு வேறு என்ன செய்தாய் என்று எனக்கு எழுது.

உப்புக் கரிக்கிறது என்று வாங்குகிறவர்கள் சொன்னால் அதற்கும் பாட்டியிடம் வழி இருந்தது. மாவடு இருக்கிற அன்றைக்குத் தயிர்சாதத்தில் உப்பே போடமாட்டாள். வடுவின் உப்புதான் சாதத்துக்கும். இதைக் கதையில் எழுதியிருக்கலாம். கண்ணீரை விட இது உபயோகம்.

சரி, ஜாடிக்கு வருகிறேன். மூன்று நாளாக இந்தக் கடிதத்தை இந்த இடத்தில் நிறுத்திவைத்திருந்தேன்.

பாட்டி என் கையில் ஜாடியைக் கொடுக்கவில்லை, வித்யா. நீ மூணாங்கிளாஸ் படித்த வருஷம் அப்பாவுக்கு பி.பி. என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். பாட்டிக்குக் கண்ணில் புரை. "கல்லுப்பை நீயே அளந்து போட்டுடு" என்றாள். நான் பாதிதான் போட்டேன். சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள் என்று தெரியும். அவள் வழக்கம்போலக் காலையும் மாலையும் குலுக்கினாள். ஒன்பதாம் நாள் துணியை அவிழ்த்து முகர்ந்து பார்த்தாள். ஒரு வடுவை எடுத்து அழுத்தினாள், நான் உன்னுடையதை அழுத்திய மாதிரியே. பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஈரக் கையோட தொட்டுட்டேன் போலிருக்கு. என் கை போயிடுத்து" என்றாள்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஐந்து கிலோவையும் ராத்திரி நான்தான் கொட்டினேன். அடுத்த பங்குனியில் மார்க்கெட்டில் வடு வந்தபோது பாட்டி கேட்கவே இல்லை. ஜாடியைத் தொட ஆளில்லாமல் அது என்னிடம் வந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆறு வருஷம் ஒரே அடுப்பங்கரையில் இருந்தோம். நாளைக்குச் சொல்லலாம் என்றே போயிற்று. அப்பாவுக்குக் கூடத் தெரியாது.

நீ கற்றுக்கொண்ட மாவடு நான் போட்டது. அளவு மட்டும் பாட்டியுடையது, அதையும் பயந்துபோய்த்தான் ஒரு கிராம் பிசகாமல் போட்டுவந்தேன். அந்தக் கடைசி வரியைக் கதையிலிருந்து எடுத்துவிடு. மாமி அழுதபோது என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

உன்னைக் கோபித்துக்கொண்டு எழுதியதாக நினைக்காதே. சொந்தமாக ஒரு பெயர் போட்டு பாட்டில் விற்கிறாய், நம் வீட்டில் யார் செய்தார்கள்? மார்க்கெட்டில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். உப்பைக் குறைக்காதே. ராத்திரி சாப்பிடுகிறாயா? போன வாரம் போனில் குரல் அடைத்திருந்தது, ஜலதோஷம் என்றாய். மாப்பிள்ளை சௌக்கியமா என்று கேட்டதும் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். ஒன்றும் கேட்கவில்லை நான்.

மார்க்கெட்டில் உருண்டை வடு வர ஆரம்பித்திருக்கிறது. காம்போடு ஐந்து கிலோ சொல்லிவைத்திருக்கிறேன். ஜாடியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தாகிவிட்டது. நீ வந்து உப்பை அளந்து போடு. தனியாக வந்தாலும் சரி.

அம்மா