கருத்தடை மாத்திரை: யாருக்கு ஆகாது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் உறையும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, பாதி அட்டையிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டதாக எங்கள் மருந்துக் கடைக்கு வரும் சில பெண்கள் சொன்னார்கள். கட்டுரையில் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஆபத்து எவ்வளவு, யாருக்கு என்ற இரண்டையும் அது விட்டுவிட்டது.

மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களை எடுத்துக்கொண்டால், ஒரு வருஷத்தில் சுமார் 2 பேருக்குக் கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டும். மாலா-டி, மாலா-என் போன்ற, லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை சாப்பிடுவோரில் அது 5 முதல் 7 பேர். பிசிஓடிக்கும் முகப்பருவுக்கும் எழுதித் தரப்படும் ட்ரோஸ்பைரினோன் கலந்த வகையில் 9 முதல் 12. இவற்றில் எல்லாம் கூடவே இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான் முக்கியக் காரணம். அது ஈரலைத் தூண்டி ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டி, உறையாமல் தடுப்பவற்றைக் குறைக்கிறது. கர்ப்ப காலத்திலும், அதைவிடப் பிரசவம் முடிந்த முதல் சில வாரங்களிலும் உடம்பு தானாகவே இதைச் செய்கிறது. அப்போதுள்ள ஆபத்து மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

இன்னொன்று. மாத்திரையால் வரும் ஆபத்து முதல் வருஷத்தில்தான், அதிலும் முதல் சில மாதங்களில்தான் உச்சத்தில் இருக்கும், அப்புறம் குறையும். ஒரு மாதமோ அதற்கு மேலோ விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினால் மறுபடி முதலிலிருந்து. ‘உடம்புக்கு ஓய்வு’ என்று நடுநடுவே நிறுத்திச் சாப்பிடுவது பல வீடுகளில் வழக்கம். அதில் லாபம் ஒன்றுமில்லை, நஷ்டம்தான்.

சரி, யார் சாப்பிடக் கூடாது? கடையில் நான் அடிக்கடி பார்ப்பது பிசிஓடிக்கு மாத்திரை வாங்கும் கல்லூரிப் பெண்களை. ஒரு தடவை எழுதிக்கொடுத்த சீட்டை வைத்தே மாதக்கணக்கில் வாங்குவார்கள். காலி அட்டையோடு அம்மா வந்து நிற்பார். அப்படி வந்த ஓர் அம்மா, கூடவே தலைவலி மாத்திரையும் கேட்டார். யாருக்கு என்று விசாரித்தால், அதே பெண்ணுக்குத்தான். தலைவலி வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் கண்ணில் வளைந்து நெளிந்து வெளிச்சம் தெரியுமாம், பாதி எழுத்து மறையுமாம். இது ஆரா எனப்படும் முன்னறிகுறியோடு வரும் மைக்ரேன். இவர்களுக்கு எந்த வயதிலும் இந்த மாத்திரை ஆகாது. பக்கவாத ஆபத்து கூடும். மாத்திரையைத் தராமல் டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். தலைவலி இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். அதற்கு முன் கண்ணில் என்ன தெரிகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

அடுத்து, குழந்தை பெற்றவர்கள். தாய்ப்பால் கொடுப்பவர்கள் முதல் 6 வாரம் தொடவே கூடாது. 6 மாதம் வரை பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. பால் கொடுக்காதவர்களும் குறைந்தது 3 வாரம் பொறுக்க வேண்டும். கைக்குழந்தையோடு இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காப்பர்-டி அல்லது ஈஸ்ட்ரோஜன் இல்லாத ‘சாயா’ மாத்திரை பற்றிக் கேட்கலாம்.

முன்பு ஒரு தடவையாவது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், ரத்தம் சுலபமாக உறையும் பரம்பரைக் கோளாறு இருப்பவர்கள் ஆகியோருக்கும் இது கிடையாது. பிரஷர் 160/100 தொட்டால் கண்டிப்பாக வேண்டாம். 140/90-ஐத் தாண்டினாலே வேறு வழி பார்ப்பது நல்லது. பிரஷர் பார்க்காமல் முதல் அட்டையைத் தொடங்கவே கூடாது என்பேன். 35 வயதுக்கு மேல் புகைபிடிப்பவர்களும் தவிர்க்க வேண்டும். நம் பக்கம் பெண்களிடம் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறோம், கேட்கத்தான் வேண்டும். பெரிய ஆபரேஷன் செய்து நாள்கணக்கில் படுக்கையில் இருக்கப்போகிறவர்கள் சுமார் 4 வாரம் முன்பே டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும். அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இளவயதில் ரத்தம் கட்டியிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

சாப்பிடுகிறவர்களில் யாருக்காவது ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போது, மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று பலரும் ‘சத்து மாத்திரை’ என்று சொல்லிவிடுகிறார்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் அட்டையைக் கையில் கொண்டுபோய் டாக்டரிடம் நீட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
பண்ருட்டி.