மருந்து வீட்டுக்கே வரும்: நேரமும் சீட்டும்

வணக்கம். மேலக்காவேரி, சுவாமிமலை பக்கம் உள்ளவர்களுக்கு வரும் திங்கள் முதல் நம் கடை மருந்து வீட்டுக்கே வரும்.

1. நேரம்: காலை 9 முதல் இரவு 8 வரை. மாலை 6 மணிக்குள் சொன்னால் அன்றே வரும். ஞாயிறு மதியம் 1 வரைதான்.

2. குறைந்தது 300 ரூபாய்க்கு வாங்க வேண்டும்.

3. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு கட்டாயம். பழைய அட்டையின் படம் போதாது. சீட்டை முழுத்தாளாகப் படமெடுங்கள். நோயாளி பெயர், தேதி, டாக்டர் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் தெரியவேண்டும். மூலை மடிந்து தேதி மறைந்திருந்தால் மறுபடி கேட்போம், வருத்தப்படாதீர்கள். மருந்து வரும்போது அசல் சீட்டையும் காட்டுங்கள்.

4. இன்சுலின் ஐஸ் பையில் வரும். வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

எந்த மருந்து, எவ்வளவு என்பதை டாக்டரிடமே கேளுங்கள். வேண்டியவர்கள் தெருப்பெயரோடு ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே பதில் போடுங்கள். சீட்டுப் படத்தை மட்டும் குழுவில் போடாமல் கடை எண்ணுக்குத் தனியாக அனுப்புங்கள்.