பாட்டாவின் குரல் இருந்த இடம்

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். அத்தைக்கு முட்டுவலி குறைந்திருக்கிறதா? இங்கே மழை விட்டபாடில்லை. விளையில் தண்ணீர் கட்டிக் கிடக்கிறது.

பாட்டாவின் ஆண்டு நினைவுக்காகச் செய்த வீடியோவை இந்தக் கடிதத்தோடு பென் டிரைவில் அனுப்பியிருக்கிறேன். பதினொரு நிமிடம். மஸ்கட்டில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து பார்க்கும் முன் நீ மட்டும் இதைப் படித்துவிடு. அத்தையிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது.

1993-இல் மாமா ஊருக்கு வந்தபோது தோளில் வைத்து எடுக்கிற பெரிய கேமரா ஒன்று கொண்டுவந்தார், ஞாபகம் இருக்கும். அதில் எடுத்த கேசட்தான். பாட்டா விளையில் பனை ஏறுகிற காட்சி அதில் இருக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எத்தனை தடவை போட்டாலும் சினிமாப் பாட்டுதான் கேட்கும். காற்று இரைச்சலாக இருக்கிறதென்று மாமாவே பிறகு பாட்டைப் பதிந்துவிட்டார். பாட்டாவின் பேச்சு அதோடு போயிற்று என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தோம்.

கேசட்டைப் பரணிலிருந்து எடுத்தபோது கண்ணாடி வழியாகவே தெரிந்தது, நாடாச் சுருளின் விளிம்பு முழுக்க வெள்ளைப் பூசணம். நம் ஊர் ஈரத்துக்கு அது பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்படியே டெக்கில் போட்டால் பூசணம் ஹெட்டில் ஒட்டிப் படம் போய்விடும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் பரவும். நாகர்கோவிலில் பழைய டெக்குகளைச் சரிசெய்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். அவர் முதலில் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேசட்டை ஒரு டப்பாவில் இரண்டு வாரம் மூடி வைக்கச் சொன்னார். அப்புறம் அடியில் இருக்கிற ஐந்து திருகாணியைக் கழற்றி, முகமூடி போட்டுக்கொண்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத துணியால் நாடாவை மெதுவாகச் சுற்றச் சுற்றத் துடைத்தார். முழுதாக இரண்டு தடவை. ஒரு மத்தியானம் அதிலேயே போய்விட்டது.

முதலில் போட்டுப் பார்த்தது எங்கள் வீட்டு டெக் மாதிரியே ஒரு சாதாரண டெக். படம் வந்தது, கூடவே அதே பாட்டும் வந்தது. பாட்டு பின்னால் பதிந்ததுதான் என்று சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கேமரா ஸ்டீரியோவா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மாமா வைத்திருந்த கேமராவின் பெட்டி அட்டை மட்டும் வீட்டில் இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். ஹை-ஃபை என்று எழுதியிருந்தது.

விஷயம் இதுதான் மச்சான். விஎச்எஸ் நாடாவில் ஒலி இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று நாடாவின் விளிம்பில் ஓடுகிற குறுகிய தடம், அது எல்லா டெக்கிலும் கேட்கும். இன்னொன்று ஹை-ஃபை. அது சுழலுகிற உருளையில் இருக்கிற ஹெட்டுகள் வழியாகப் படத்தோடு சேர்ந்தே, படத்துக்கு அடியில் பதிவாகும். படத்தை அழிக்காமல் அதை மட்டும் மாற்ற முடியாது. பின்னால் பாட்டு சேர்க்கிற வசதி விளிம்புத் தடத்தில்தான் எழுதும். அப்படியென்றால் மாமா பாட்டைப் பதிந்தபோது விளிம்புதான் போயிருக்கும், அன்றைக்கு விளையில் கேட்ட சத்தம் படத்துக்கு அடியில் அப்படியே இருந்திருக்க வேண்டும். நம் வீட்டில் இருந்தது மோனோ டெக். அதனால் முப்பது வருஷமாக நமக்கு அது கேட்கவே இல்லை.

மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் ஹை-ஃபை டெக் இருந்தது. போட்டதும் பாட்டு நின்றது, காற்று இரைந்தது. அந்தக் காற்றுக்குள்ளிருந்து பாட்டாவின் குரல், "தள்ளி நில்லுங்க மக்களே, அருவா வழுக்கும்." நான் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டேன். ஸ்டுடியோக்காரர் ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு சிக்கல். நாடா சேதமான இடங்களில் ஹை-ஃபை சத்தம் பிடிபடாமல் போகும்போது டெக் தானாகவே விளிம்புத் தடத்துக்கு மாறிவிடும். பாட்டா பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று பாட்டு குதித்து வந்தது. டிராக்கிங்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஆறேழு தடவை ஓட்டி, ஒவ்வொரு இடத்துக்கும் நன்றாக வந்த ஓட்டத்தை எடுத்துக் கோத்தோம். மூன்று இடத்தில் எப்படியும் சரியாகவில்லை. அங்கே சத்தத்தை அணைத்துவிட்டேன், படம் மட்டும் ஓடும். உன் டிவியில் கோளாறு என்று நினைத்துவிடாதே. காற்று இரைச்சலின் அடிக்கட்டைச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். அதிகம் குறைத்தால் பாட்டாவின் கட்டைக் குரலும் மெலிந்து வேறு யாரோ பேசுகிற மாதிரி ஆகிறது, அதனால் அதோடு விட்டுவிட்டேன்.

படத்தின் இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை இருக்கும். அகலமாக இழுத்தால் திரை நிறையும், ஆனால் பாட்டாவின் முகம் உப்பிப் போகிறது. சின்னச் சித்தப்பா இழுக்கச் சொன்னார், நான் சம்மதிக்கவில்லை. பழைய வீடியோ நொடிக்கு ஐம்பது அரைப்படமாகப் பதிவானது. வழக்கம்போல இருபத்தைந்து படமாக மாற்றினால், தளைநார் கட்டிய கால் மேலே எம்புகிற இடத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழும், இல்லையென்றால் அசைவு வெட்டி வெட்டி வரும். ஐம்பதையும் முழுப் படமாக்கி வைத்திருக்கிறேன். பாட்டா ஏறுகிற நடை அப்படியே இருக்கிறது, கையும் காலும் மாறி மாறி. எழுதும்போதும் அது கண்ணில் நிற்கிறது.

விடிலியில் பாட்டி அக்கானி காய்ச்சுகிற இரண்டு நிமிடத்தையும் சேர்த்திருக்கிறேன். கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசாததற்குப் பாட்டா உன்னைத் திட்டுவது கேட்கிறது. புளித்துப்போனால் கருப்பட்டிக்கு ஆகாதே, அவர் கோபம் நியாயம்தான். கடைசி நாட்களில் எடுத்த செல்போன் வீடியோ எதையும் சேர்க்கவில்லை.

இனி அத்தையிடம் சொல்ல வேண்டியது. கேமராவைப் பிடித்தவர் மாமா. அதனால் மைக்குக்கு மிகப் பக்கத்தில் இருந்த குரல் அவருடையது. பாட்டாவின் குரல் பனை உச்சியிலிருந்து சன்னமாக வருகிறது, மாமாவின் குரல் காதோரம் பேசுகிற மாதிரி இருக்கிறது. நான்காவது நிமிடம் தாண்டியதும் பாட்டா மேலேயிருந்து ஏதோ சொல்ல, மாமா வாய்விட்டுச் சிரிக்கிறார். பிறகு அத்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இங்க வந்து பாரு, உன் அப்பா பறக்காரு" என்கிறார். மாமா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பெரிய டிவியில், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, சொல்லாமல் அது வந்துவிடக்கூடாது. முதலில் அத்தை தனியாக ஹெட்போனில் கேட்கட்டும். அந்த இடம் மற்றவர்களுக்கு வேண்டாம் என்று அத்தை சொன்னால் எடுத்துவிட்டு வேறு பிரதி அனுப்புகிறேன், தயங்காமல் சொல்.

யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்பு. வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஏற்கெனவே மங்கலான முகம் அடையாளம் தெரியாமல் போகும். மூலக் கோப்பு என்னிடம் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. கேசட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

உங்கள் திங்கள்சந்தை வீட்டு இரும்பு அலமாரியில் மாமாவின் கேசட் இன்னும் இரண்டு கிடப்பதாக அத்தை ஒருமுறை சொன்னார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுது. அதுவரை யாரும் அவற்றை டெக்கில் போட்டுப் பார்க்க வேண்டாம்.

அன்புடன்,
உன் மச்சான்