சம உயரம் தாண்டியவர்களுக்கு இடம் தீர்மானித்தல்

தஞ்சை, திருவாரூர் பகுதித் தடகள நடுவர்களுக்கு வணக்கம்.

உயரம் தாண்டுதலிலும் கோலூன்றித் தாண்டுதலிலும் இருவர் ஒரே உயரத்தில் நின்றால், மொத்தத் தவறுகளை முதலில் கூட்ட வேண்டாம். இருவரும் கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்குத் தவறு குறைவு என்பதையே முதலில் பாருங்கள்.

1.60 மீட்டரில் இரு முறை தவறிய மாணவி 1.65-ஐ முதல் முயற்சியிலேயே தாண்டுகிறார், 1.60 வரை தவறே செய்யாத இன்னொருவர் 1.65-ஐ இரண்டாம் முயற்சியில் தாண்டுகிறார். அதன்பின் இருவரும் 1.70-இல் வெளியேறினால், மொத்தத் தவறு கூடுதலாக இருந்தும் முதலாமவரே முந்துவார்.

அங்கும் சமமானால்தான், 1.65 வரையிலான மொத்தத் தவறுகளை ஒப்பிட வேண்டும், 1.70-இல் போட்ட குறுக்குக் குறிகளைச் சேர்க்கவே கூடாது, மதிப்பெண் தாளில் பெரும்பாலும் பிழை நேர்வது இங்கேதான்.

அதற்குப் பிறகும் தீராத சமநிலை முதலிடத்துக்கானது என்றால் மட்டும், 1.70-இல் தொடங்கி ஒவ்வோர் உயரத்திலும் ஆளுக்கு ஒரு முயற்சி தரப்படும். இருவரும் தாண்டினால் குறுக்குக் கம்பியை 2 செ.மீ. (கோலூன்றித் தாண்டுதலில் 5 செ.மீ.) உயர்த்தி, இருவரும் தவறினால் அதே அளவு இறக்க வேண்டும். மற்ற இடங்களில் சமநிலை அப்படியே நிற்கும்.