சைலோசைபின் ஆய்வுகளின் அளவுகோல் எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் மன உணர்வையே மாற்றிவிடும் சைக்கடெலிக் மருந்துகள் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். சில காளான்களில் உள்ள சைலோசைபின் என்ற சைக்கடெலிக் மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு வரும் அனுபவமும் ஞானிகள் தவத்தால் பெற்ற அனுபவமும் ஒன்றே என்று அமெரிக்க ஆய்வாளர்கள் நிரூபித்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. அந்த ஆய்வுகளை ஓரளவு தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர்கள் அப்படி நிரூபிக்கவில்லை. மருந்து தரும் அனுபவம் பொய் என்று வாதிடுவதற்காக இதை எழுதவில்லை. 'ஒன்றே' என்ற முடிவுக்கு எந்த அளவுகோலை வைத்து வந்தார்கள், அதை யார் செய்தார்கள் என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த அளவுகோலின் கதை நமக்குப் பக்கத்திலேயே, கொழும்பில் தொடங்குகிறது. டபிள்யூ. டி. ஸ்டேஸ் என்ற ஆங்கிலேயர் 1910 முதல் 1932 வரை இலங்கை சிவில் சர்வீஸில் வேலை பார்த்தவர், கொழும்பு மேயராகவும் இருந்தவர். பிறகு பிரின்ஸ்டனில் தத்துவப் பேராசிரியரானார். மாண்டூக்ய உபநிடதம், பழைய கிரேக்கத் தத்துவ ஞானி ப்ளோட்டினஸ், கிறிஸ்தவ ஞானி எக்கார்ட், பௌத்த நூல்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, எல்லா மறைஞான அனுபவத்துக்கும் பொதுவான ஒரு கரு உண்டு என்று 1960-இல் எழுதினார். எல்லாம் ஒன்றாகிவிடும் உணர்வு, இதுவே உண்மை என்ற உறுதி, பேரமைதி, புனித உணர்வு, முரண்பட்ட இரண்டும் மெய்யாகத் தோன்றுவது, சொல்லில் அடங்காமை ஆகியவை அந்தக் கருவின் கூறுகள். கூடவே ஒரு விதியையும் வைத்தார். இரண்டு அனுபவங்களின் வருணனை ஒன்றாக இருந்தால், ஒன்று தவத்தால் வந்ததா, மற்றொன்று மருந்தால் வந்ததா என்பது பொருட்டல்ல என்பதே அது. அவர் எடுத்துக்காட்டியவர்களில் மெஸ்கலின் என்ற இன்னொரு சைக்கடெலிக் மருந்தைச் சாப்பிட்ட ஓர் அமெரிக்கரும் உண்டு.

வால்டர் பாங்கே என்ற மருத்துவர் ஹார்வர்டில் தன் முனைவர் பட்டத்துக்காக இந்தப் பட்டியலைச் சற்று விரித்து ஒன்பது தலைப்புகளாக்கி வினாத்தாள் தயாரித்தார். 1962 ஏப்ரல் 20, புனித வெள்ளி. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் தேவாலயத்தில், கீழ்த்தளத்துச் சிற்றாலயத்தில் 20 இறையியல் மாணவர்களை உட்காரவைத்தார். மேலே நடந்த ஆராதனையும் ஹோவர்ட் தர்மனின் பிரசங்கமும் ஒலிபெருக்கியில் கீழே கேட்டன. 10 பேருக்கு 30 மில்லிகிராம் சைலோசைபின், மற்ற 10 பேருக்கு நிகோடினிக் அமிலம். இந்த அமிலம் முகத்தைச் சிவக்கவைத்து உடம்பில் குறுகுறுப்பை உண்டாக்கும். மருந்து தனக்குத்தான் கிடைத்தது என்று அவர்கள் நம்பட்டும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார். கொஞ்ச நேரம் நம்பவும் செய்தார்கள். பிறகு ஒரே அறையில் சிலர் எழுந்து கைவிரித்துப் பிரார்த்திப்பதும் சிலர் தரையில் கிடப்பதும் மற்றவர்கள் பைபிள் புரட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதுமாக, யாருக்கு எது கிடைத்தது என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது. சைலோசைபின் பெற்றவர்களில் பெரும்பாலோரின் மதிப்பெண் மிக உயர்ந்திருந்தது, மற்றவர்களுடையது தாழ்ந்திருந்தது. உங்கள் கட்டுரை இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டது.

விட்டுப்போன பகுதி 1991-இல் வெளிவந்தது. சைக்கடெலிக் மருந்துகளுக்கு ஆதரவாகவே இயங்கும் ரிக் டாப்லின், அந்த மாணவர்களைத் தேடிப்பிடித்து 16 பேரைப் பேட்டி கண்டார். மருந்து பெற்றவர்களில் அவரிடம் பேசியவர்கள், கால் நூற்றாண்டு கழிந்தும் அந்த நாளைத் தங்கள் ஆன்மிக வாழ்வின் உச்சங்களில் ஒன்றாகவே நினைவுகூர்ந்தார்கள். இதை நான் மதிக்கிறேன். அதே விசாரணையில் இன்னொன்றும் வெளிப்பட்டது. மருந்து பெற்ற ஒரு மாணவர், இறைவன் தன்னிடம் ஒரு செய்தியை ஒப்படைத்துவிட்டான், அதை உலகுக்கு அறிவித்தே தீரவேண்டும் என்று தேவாலயத்தை விட்டுத் தெருவுக்கு ஓடியிருக்கிறார். பிடித்து இழுத்துவந்து குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டு அடக்கியிருக்கிறார்கள். இந்த ஊசியைப் பற்றி பாங்கே தன் ஆய்வேட்டில் எழுதவில்லை.

அந்த மாணவரின் அனுபவத்தை எதில் சேர்ப்பது? இறைவன் தன்னைத் தேர்ந்துகொண்டான் என்ற உறுதி, புனித உணர்வு, இதுதான் மெய் என்ற நிச்சயம் எல்லாம் அவரிடம் இருந்தன. வினாத்தாள் கேட்பதில் பாதி இவைதான். அதே உறுதியோடு ஒருவர் மடத்தில் தன் குருவிடம் வந்திருந்தால், குரு அவரை உட்காரவைத்து, சோறு போட்டு, நாலு மாதம் தோட்ட வேலை பார்க்கச் சொல்லி, அந்த உறுதி பணிவாகிறதா கர்வமாகிறதா என்று பார்த்திருப்பார். கிறிஸ்தவத் துறவி ஆவிலாவின் தெரேசா தன் தரிசனங்களை ஒவ்வொன்றாகப் பாவ அறிக்கையைக் கேட்கும் குருமாரிடம் சொல்லிச் சோதனைக்கு உட்படுத்தியதும், ஜென் ஆசிரியர்கள் தியானத்தில் தோன்றும் ஒளிகளையும் உருவங்களையும் பொருட்படுத்தாதே என்று சீடனைத் திருப்பி அனுப்புவதும் இதற்காகத்தான். மரபில் அனுபவத்தைச் சொல்வது பாதிதான். அதைச் சோதிப்பது மறுபாதி. ஆய்வாளர்கள் ஒப்பிடுவது முதல் பாதியை மட்டுமே.

இப்போது பயன்படுத்துவது பாங்கே வினாத்தாளின் பேரப்பிள்ளை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அது 30 கேள்விகளாகச் சுருங்கியது. மருந்தின் வேகம் தணிந்ததும் அன்று மாலையே அதை நிரப்பச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். ஒருமையும் உறுதியும் புனிதமும் சேர்ந்த மறைஞான உணர்வு, இன்ப உணர்வு, காலமும் இடமும் கடந்த நிலை, சொல்லில் அடங்காமை என்ற நான்கு பிரிவிலும் 60 சதவீதம் எடுத்தால் 'முழுமையான' மறைஞான அனுபவம். 2006 ஆய்வில் பங்கேற்ற 36 பேரும் ஏற்கெனவே வழிபாடு, தியானம் என்று இருந்தவர்கள். அப்போதைய வினாத்தாளின்படி 22 பேர் சைலோசைபினில் முழுமை எட்டினார்கள். ஒப்பீட்டுக்காகக் கொடுத்த மீதைல்ஃபெனிடேட்டிலும் 4 பேர் எட்டினார்கள். அது கவனக்குறைவுள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்து. கண்கட்டு, இசை, அன்பாகப் பேசும் இரண்டு துணையாளர்கள், இன்று ஏதோ நடக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பு, இவையும் மதிப்பெண்ணில் சேர்ந்துகொள்கின்றன என்றுதான் இதற்குப் பொருள்.

நம் மரபிலிருந்து ஒருவரை இந்தத் தேர்வுக்கு உட்காரவைத்துப் பார்க்கிறேன். திருவாய்மொழி ஐந்தாம் பத்தில் ஒரு தாய் தன் மகளைப் பற்றிப் பேசுகிறாள். கடல் சூழ்ந்த உலகத்தைப் படைத்தவளும் நானே, அதுவாக ஆகிறவளும் நானே என்கிறாளே இவள் என்று தாய் திகைக்கிறாள். வினாத்தாளில் ஒருமை உணர்வுக்கு 5-க்கு 5 போட்டுவிடலாம். ஆனால் ஆசாரியர்களின் உரை அப்படிப் போடவில்லை. கண்ணனைப் பிரிந்த கோபியர் துயரம் தாங்காமல் தாங்களே கண்ணனாக நடித்ததைப் போன்றது இது, பிரிவின் எல்லை இது என்கிறது. அந்தப் பாசுரங்களுக்கு முன்னும் பின்னும் நம்மாழ்வார் தலைவியாகி அழுகிறார், தூது விடுகிறார், இளைக்கிறார். 'இன்ப உணர்வு' பிரிவில் 60 சதவீதம் எங்கிருந்து வரும்? காட்சிகளையும் குரல்களையும் உணர்ச்சிப் பெருக்கையும் கருவில் சேராதவை என்று ஸ்டேஸ் முதலிலேயே ஒதுக்கிவிட்டதால், பக்தியின் பெரும்பகுதி இந்த அளவுகோலில் தேறாது. எக்கார்ட்டையும் மாண்டூக்யத்தையும் வைத்துச் செய்த அளவுகோலை மருந்து சாப்பிட்டவரிடம் வைத்து அளந்துவிட்டு, 'எல்லா மரபுகளோடும் ஒத்துப்போகிறது' என்று சொல்வது சரியாகாது. அதோடு ஒத்துப்போகாதவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு எதிரான சாட்சியும் அதே புனித வெள்ளியில்தான் இருக்கிறது. உலக மதங்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஹஸ்டன் ஸ்மித் அன்று வழிகாட்டிகளில் ஒருவராக இருந்து சைலோசைபினும் பெற்றார். பக்தர்கள் சொல்வதுபோல் இறைவனை நேருக்கு நேர், ஒரு ஆளாகச் சந்தித்தது தனக்கு அன்றுதான் என்று பிறகு எழுதினார். அதாவது ஒருமையில் கரைவதல்ல, எதிரே ஒருவன் நிற்பது. மருந்துக்குள்ளும் இப்படிப் பல வகை இருப்பதை ஒரே கூட்டுத்தொகை மறைத்துவிடுகிறது. மருந்து ஆன்மிக அனுபவத்தைத் தரக்கூடும், ஆன்மிக வாழ்க்கையைத் தருமா என்பது அவ்வளவு தெளிவாக இல்லை என்று 1964-லேயே சொன்னவரும் அவர்தான்.

நம் நூல்கள் மருந்தை மறுக்கவும் இல்லை. பதஞ்சலி தம் யோக சூத்திரத்தில், நான்காம் பாதத்தின் முதல் சூத்திரத்திலேயே பிறப்பு, மூலிகை, மந்திரம், தவம், சமாதி ஐந்தாலும் சித்தி வரும் என்கிறார். சில சூத்திரங்கள் தள்ளி, இவற்றில் தியானத்தால் பிறந்த சித்தம் மட்டுமே வாசனைகளின் படிவு இல்லாதது என்கிறார். வந்த அனுபவம் ஒன்றுபோல் இருந்தாலும் அது மனத்தில் எதை மிச்சம் வைக்கிறது என்பதைக் கொண்டு பிரிக்கிறார். ஸ்டேஸின் விதிக்கு நேர் எதிரான நிலை இது. உங்கள் கட்டுரையாளர் பதஞ்சலியைத் துணைக்கு அழைத்தபோது முதல் சூத்திரத்தோடு நின்றுவிட்டார்.

இந்த மிச்சத்தை அளக்க முயன்ற ஆய்வும் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தில் சூரிச் பல்கலைக்கழகக் குழு, நெடுநாள் தியானம் பழகிய 39 பேரை ஐந்து நாள் மௌன முகாமில் வைத்து, நான்காம் நாள் சிலருக்கு சைலோசைபினும் மற்றவர்களுக்கு வெற்று மருந்தும் கொடுத்து, நாலு மாதம் கழித்தும் விசாரித்து 2019-இல் வெளியிட்டது. அனைவருக்கும் ஒரே பழக்கம், ஒரே இடம், ஒரே மௌனம் என்பதால் மருந்தின் பங்கை ஓரளவு தனியே பார்க்க முடிந்தது. மருந்து பெற்றவர்களிடம் நல்ல மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. இங்கும் யாருக்கு மருந்து கிடைத்தது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும் என்ற குறை இருக்கிறது. இருந்தாலும் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்த ஆய்வு இது. இதைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரை வெளியிட வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கொடைக்கானலுக்குக் காளான் தேடிப் போகும் இளைஞர்கள் உங்கள் கட்டுரையையும் படிப்பார்கள். ஹாப்கின்ஸில் மனச்சிதைவோ இருதுருவ மனநோயோ உள்ளவர்களையும், நெருங்கிய உறவில் அவை உள்ளவர்களையும் சேர்ப்பதில்லை. மருந்தைச் சரியாக அளந்து, நாள் முழுக்கக் கூட இருந்து கொடுக்கிறார்கள். அப்படியும் 2006 ஆய்வில் 36 பேரில் 11 பேர் கடும் பயத்துக்கு ஆளானார்கள். காட்டில் பறித்த காளானில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்படி சைலோசைபின் வைத்திருப்பதும் குற்றம். இந்தத் தகவல்களை அடுத்த இதழில் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருநெல்வேலி