நான்கு மாதம் என்றீர்கள், அடிக்குறிப்பு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் வர்த்தகப் பக்கத்தில் ஒரு வரி: "ஏறக்குறைய நான்கு மாத இறக்குமதிக்குப் போதுமான டொலர் கையிருப்பு இருப்பதால் அச்சத்துக்கு இடமில்லை." கணக்கில் பிழையில்லை. 2024 முடிவில் இலங்கையின் ஒதுக்கு, அதாவது அந்த டொலர் கையிருப்பு, சுமார் 6.1 பில்லியன் டொலர். அந்த ஆண்டு இறக்குமதி சுமார் 18.8 பில்லியன், அதாவது மாதத்துக்கு 1.57. வகுத்தால் 3.9 வருகிறது. உறுத்துவது கடைசியில் நீங்கள் ஒட்டிவிட்ட ஆறுதல்தான்.

அந்தத் தொகையை வெளியிடும்போது மத்திய வங்கியே கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்புப் போடுகிறது. ரூபாயை வைத்துச் சீனப் பணத்தை இரவலாக வாங்கும் ஏற்பாடான, சீன மக்கள் வங்கியுடனான நாணயப் பரிமாற்று வசதி, சுமார் 1.4 பில்லியன் டொலர், இதில் அடங்கும், அதைப் பயன்படுத்த நிபந்தனைகள் உண்டு என்பது அதன் சாரம். வர்த்தகப் பக்கம் நடத்தும் உங்களுக்கு இது தெரியாதிருக்க வழியில்லை. இடம் போதவில்லை போலும். அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது மூன்று மாதம். நிபந்தனை என்ன என்பதும் 2022இல் வெளியே வந்தது: மூன்று மாத இறக்குமதிக்குச் சமமான ஒதுக்கு கையில் இருந்தால்தான் அந்தப் பணத்தைத் தொடலாம். தேவை இல்லாதபோது எடுக்கலாம், தேவைப்படும்போது எடுக்க முடியாது. கல்யாண வீட்டுக்கு இரவல் வாங்கிப் போட்ட சங்கிலியை அடகுக் கடையில் வைக்க முடியுமா?

இதே இரவலை வைத்து நீங்கள் 2021 டிசம்பரிலும் ஒரு ஆறுதல் சொன்னீர்கள். நவம்பர் முடிவில் ஒதுக்கு 1.6 பில்லியன், ஒரு மாத இறக்குமதிக்குக்கூடக் காணாது. டிசம்பர் முடிவில் திடீரென 3.1 பில்லியன், 1.8 மாதம். பாதிக்குப் பாதி சீன வசதி. நீங்கள் முதல் பக்கத்தில் படத்தோடு போட்டீர்கள். ஜனவரி 18ஆம் திகதி 500 மில்லியன் டொலர் பிணைமுறியைக் கட்டித் தீர்த்தார்கள், அதற்கும் பாராட்டு. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். மே 4ஆம் திகதி அன்றைய நிதி அமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் எழுந்து, பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்றார். அதற்கு முந்தைய மாத முடிவில் கணக்கில் இருந்த தொகை 1.8 பில்லியன்! மாதக் கணக்கு பார்த்தவர்களுக்கு ஒரு மாதத்துக்கு இருந்தது. எடுக்கப் போனவர்களுக்கு ஒரு நாளுக்கு இருந்தது.

நான் புறக்கோட்டையில் மைசூர்ப் பருப்பும் கடலையும் இறக்குமதி செய்பவன். டுபாயில் எனக்குப் பல வருடமாகச் சரக்கு அனுப்புகிற ஒருவர் இருக்கிறார். எங்கள் மத்திய வங்கி மாதத் தொடக்கத்தில் போடும் ஒதுக்கு விபரத்தை எனக்கு முன்பே பார்த்துவிடுவார். 2020 வரை சரக்கு கொழும்பு சேர்ந்து அறுபது நாள் கழித்துக் காசு வாங்கியவர், 2021 நடுப்பகுதியில் எல்.சி., அதாவது பணத்துக்கு வங்கி உறுதி தரும் கடிதம், கேட்டார். சரி, கொடுத்தேன். பிறகு இலங்கையிலுள்ள ஒரு வங்கி தரும் எல்.சி. மட்டும் போதாது, வெளிநாட்டு வங்கி ஒன்று பொறுப்பேற்க வேண்டும் என்றார். அந்தப் பொறுப்பை ஏற்க எந்த வங்கியும் முன்வரவில்லை. கடைசியில் முழுப் பணமும் முன்கூட்டியே வேண்டும் என்றார். "உங்களை நம்புகிறேன், உங்கள் நாட்டிடம் டொலர் இருக்கும் என்று நம்பவில்லை" என்று மரியாதையாகவே சொன்னார். என் கொள்கலன் துறைமுகத்தில் கிடந்தது. ரூபாய் என் கணக்கில் இருந்தது. டொலர் வங்கியில் இல்லை. தாமதக் கட்டணம் சரக்கின் இலாபத்தைத் தின்று முதலிலும் கைவைத்தது.

கையிருப்பு மெலிந்தது தெரிந்தால் சந்தை அது தீரும்வரை காத்திருக்காது. ஏற்றுமதியாளர் டொலரை மாற்றாமல் வெளியிலேயே வைத்திருப்பார், நாளைக்கு விலை கூடும் என்று அவருக்குத் தெரியும். இறக்குமதியாளர் நாளைக்கு வாங்கவேண்டியதை இன்றைக்கே வாங்கப் பார்ப்பார். வங்கியில் 203 ரூபாய், வெளியில் 240க்கு மேல் என்றால் கட்டாரில் வேலை செய்யும் பிள்ளை வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் கைமாறும் உண்டியலில்தான் அனுப்பும். 2020 டிசம்பரில் 813 மில்லியன் டொலராக வந்த வெளிநாட்டு உழைப்புப் பணம் 2021 டிசம்பரில் 325 மில்லியன். டொலருக்குப் பத்து ரூபாய் கூடுதலாகத் தருகிறோம் என்று மத்திய வங்கி அந்த மாதம் ஆசை காட்டியும் இதுதான் நிலை. ஒவ்வொருவரும் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்தது மொத்தக் கையிருப்பை இன்னும் மெலிய வைத்தது. அந்த வருடம் ஓகஸ்ட் கடைசியில் உணவுப் பொருளுக்கு அவசரகாலச் சட்டம் வந்தபோது நீங்கள் எங்களுக்கு "பதுக்கல்காரர்" என்று பட்டம் கொடுத்தீர்கள். அதற்கு மறுப்பாக நான் எழுதிய கடிதம் இன்னும் உங்கள் அலுவலகத்தில் பதுங்கிக் கிடக்கிறது.

இன்னொன்று. இந்த மாதக் கணக்கில் வகுக்கும் எண்ணும் ஏமாற்றும். 2019 முடிவில் ஒதுக்கு 7.6 பில்லியன், 2020 முடிவில் 5.7. கால்வாசி போய்விட்டது. ஆனால் மாதக் கணக்கில் 4.6 என்பது 4.2 ஆனதோடு சரி. காரணம், வாகன இறக்குமதியைத் தடுத்தார்கள், கொரோனாவில் மற்றதும் குறைந்தது, ஆண்டு இறக்குமதி 20 பில்லியனிலிருந்து 16க்கு இறங்கியது. மக்கள் வாங்காமல் இருந்ததால் நாடு பலமாகத் தெரிந்தது! 2025 பெப்ரவரியில் வாகனத் தடை நீங்கியபின் இது எதிர்ப்பக்கம் திரும்பும். இறக்குமதி மாதத்துக்கு 1.8 பில்லியன் ஆனால், அதே 6.1 பில்லியன் 3.4 மாதம்தான்.

தவிர, டொலர் இறக்குமதிக்கு மட்டுமா போகிறது? சர்வதேசச் சந்தையில் கடன் வாங்கிய நாட்டைப் பார்ப்பவர்கள் அடுத்த பன்னிரண்டு மாதத்தில் கட்டவேண்டிய கடனைத்தான் ஒதுக்கோடு ஒப்பிடுவார்கள். 2022இல் கட்டவேண்டியது சுமார் 7 பில்லியன் என்று அப்போது எல்லோரும் பேசினார்கள், கையில் இருந்தது 3.1. தரப்படுத்தல் நிறுவனமான ஃபிட்ச் 2021 டிசம்பரிலேயே நம் கடன் தரத்தை இறக்கியது. அதைத் திட்டித்தான் நீங்கள் ஆசிரியத் தலையங்கம் எழுதினீர்கள்.

இன்றைய நிலை அன்றைப் போல இல்லை என்பதை நானும் அறிவேன். ரூபாயின் விலையைப் பிடித்துவைக்கவில்லை, பிணைமுறிகள் மறுசீரமைக்கப்பட்டுவிட்டன, பெரிய தவணைகள் 2028இலிருந்துதான். அதைச் சொல்லி ஆறுதல் தந்திருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

இனி ஒதுக்குத் தொகையைப் போடும்போது மத்திய வங்கியின் அடிக்குறிப்பையும் சேர்த்துப் போடுங்கள். இடமிருந்தால் ஓராண்டுக்குள் கட்டவேண்டிய கடன் தொகையையும் பக்கத்தில் போடலாம். இடமில்லையென்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளுங்கள், நான் மகரம், எனக்கு ஆட்சேபனை இல்லை.

இப்படிக்கு,
பருப்பு இறக்குமதியாளர் ஒருவர்,
புறக்கோட்டை, கொழும்பு