பால் சங்கத்தின் போனஸ் காசு எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தைப்பொங்கலுக்கு வவுனியாவுக்குப் போயிருந்தபோது என் மச்சாள் தன் பால் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அவளிடம் இரண்டு கறவை மாடுகள். காலையும் மாலையும் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறாள். போன வருடம் முழுவதும் ஊற்றியதைக் கூட்டிப் பார்த்தேன்: 2,040 லீற்றர். சங்கம் லீற்றருக்கு 4 ரூபா வருடக் கடைசி போனஸ் தருவதாகப் பொதுக்கூட்டத்தில் சொல்லியிருந்தது. அப்படியென்றால் அவளுக்கு 8,160 ரூபா வரவேண்டும். "லாபமில்லையாம், அதாலை இந்த முறை போனசும் இல்லையாம்" என்றாள். அந்தக் காசில் தீவனக் கடையின் பழைய பாக்கியைக் கட்டலாம் என்று இருந்தவள் அவள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் பார்த்தவள். இப்போது மகளோடு வெள்ளவத்தையில் இருக்கிறேன். மச்சாளுடைய சங்கத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே கதையை வேறு சங்கங்களின் புத்தகங்களிலும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் யாரும் காசைத் திருடியிருக்கமாட்டார்கள். பாதீட்டைப் போட்ட விதத்திலேயே அந்தக் காசு கரைந்துபோயிருக்கும். அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு கணக்கோடு சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கணக்கு எளிதாக இருப்பதற்காகத் தொகைகளை நானே உருட்டிப் போடுகிறேன். தொழிற்சாலை ஒரு லீற்றருக்கு 200 ரூபா தருகிறது, சங்கம் அங்கத்தவருக்கு 180 ரூபா கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் 20 ரூபாவில்தான் குளிரூட்டும் நிலையம் ஓடவேண்டும். வருடத்துக்கு 2 இலட்சம் லீற்றர் பால் வரும் என்று எதிர்பார்த்தால் சங்கத்தின் கையில் 40 இலட்சம் ரூபா நிற்கும். நிலையத்துக்கு மாதம் 2,40,000 ரூபா செலவு: ஊழியர் சம்பளம், மின்சாரம், பரிசோதனை மருந்து, திருத்த வேலை. வருடத்துக்கு 28,80,000. மீதி 11,20,000 ரூபா. லீற்றருக்கு 4 ரூபா வீதம் போனஸ் கொடுத்தால் 8 இலட்சம் போகும், 3,20,000 ஒதுக்குக்கு மிஞ்சும். பொதுக்கூட்டத்தில் வாசித்தால் எல்லோரும் கைதட்டுவார்கள்.

பிழை என்னவென்றால், பால் பன்னிரண்டு மாதமும் ஒரே அளவில் வருவதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழைக்குப் பிறகு புல் தழைத்து நிற்கும்போது மாடு நன்றாகக் கறக்கும். ஆனி முதல் புரட்டாதி வரை வெயிலில் புல் காய்ந்துவிடும், பால் பாதியாகக் குறைந்துவிடும். நல்ல எட்டு மாதங்களில் மாதம் 20,000 லீற்றரும், வறண்ட நான்கு மாதங்களில் 10,000 லீற்றரும் வருவதாக எடுத்துக்கொள்வோம். மொத்தம் அதே 2 இலட்சம் லீற்றர்தான். ஆனால் நல்ல மாதத்தில் 4 இலட்சம் வந்து 2,40,000 செலவாகி 1,60,000 மிஞ்சுகிறது. வறண்ட மாதத்தில் 2 இலட்சம் மட்டும் வந்து, அதே 2,40,000 செலவாகி, 40,000 இழுபடுகிறது. தாங்கி பாதி நிரம்பினாலும் இயக்குபவருக்கு முழுச் சம்பளம்தான். இயந்திரம் கெட்டால் திருத்துபவரும் பாலின் அளவைப் பார்த்துக் கூலி கேட்பதில்லை.

தை முதல் வைகாசி வரை ஐந்து நல்ல மாதங்களில் வங்கிக் கணக்கில் 8 இலட்சம் சேர்ந்துவிடும். நிர்வாக சபையின் கண்ணுக்கு அது சங்கத்தின் உபரியாகத் தெரியும். உண்மையில் அந்த ஐந்து மாதத்தில் வந்த ஒரு இலட்சம் லீற்றருக்கான போனஸ் 4 இலட்சமும் அதற்குள்ளேதான் இருக்கிறது. அங்கத்தவருக்கு இன்னும் கொடுபடாத காசு அது. தனியாக எடுத்துவைக்காததால் ஒரு கூரைத் திருத்தத்துக்கும் ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் அது போய்விடும். அதைவிடப் பெரிய இழுவை இன்னொன்று இருக்கிறது. அங்கத்தவருக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை காசு கொடுக்கவேண்டும், தொழிற்சாலையின் காசோலை அதற்குப் பிந்தி வரும். நாளுக்கு 600 லீற்றர் வருகிற சங்கத்தில் பதினைந்து நாள் கொடுப்பனவு மட்டும் 16 இலட்சத்துக்கு மேல். அந்த இடைவெளியை நிரப்ப எந்தப் பொருளாளரும் முதலில் கைவைப்பது இந்தச் சேர்ந்த காசில்தான். நோக்கம் நல்லது, பால்காசு நாள் தவறாமல் போகிறது. ஆனால் எடுத்ததைக் கடன் என்று எழுதித் திருப்பி வைக்காவிட்டால் மார்கழியில் யாருக்கும் அது நினைவிருக்காது.

இனி ஒரு மோசமான வருடத்தைப் பார்ப்போம். வறட்சி கடுமையாகி மாதம் 7,000 லீற்றர்தான் வந்தது என்றால் அந்த நான்கு மாதத்தில் மட்டும் 4 இலட்சம் துண்டு விழும். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. அவ்வளவு இல்லாவிட்டாலும் ஜெனரேற்றருக்கு மேலதிகமாக ஒன்றரை இலட்சம் ரூபா டீசல் போனது என்று வையுங்கள். நல்ல மாதங்களின் மிச்சமான 12,80,000இலிருந்து இரண்டையும் கழித்தால் 7,30,000. வந்த பால் 1,88,000 லீற்றர் என்பதால் போனசுக்கு 7,52,000 தேவை. ஏற்கெனவே 22,000 குறைகிறது. அதற்குமேல் 1,500 லீற்றர் பால் ஒருநாள் பழுதாகித் திரும்பி வந்தால் இன்னொரு 3 இலட்சம் போய்விடும். ஏனென்றால் அந்தப் பாலுக்கு அங்கத்தவர் காசு வாங்கியாயிற்று, தொழிற்சாலை ஒரு சதமும் தராது. இந்தக் கட்டத்தில்தான் "இந்த முறை லாபமில்லை" என்ற வசனம் கூட்டத்தில் எழும்புகிறது.

பால் திரும்புவதும் வறண்ட மாதத்தோடு தொடர்புள்ள விஷயம், அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கறந்த பால் ஏறக்குறைய 35 பாகை வெப்பத்தில் வரும். அதைச் சில மணித்தியாலத்துக்குள் 4 பாகைக்கு இறக்கவேண்டும். தாங்கிக்குள் பாலைக் கலக்கும் துடுப்பு ஒன்று மெதுவாகச் சுழலும். பால் மிகக் குறைவாக இருந்தால் அந்தத் துடுப்பு பாலைத் தொடாது. அடித்தட்டோடு ஒட்டிய பால் பனிக்கட்டியாக உறையும், மேலே உள்ளது சூடாகவே நிற்கும். வெப்பமானி அடியில் இருப்பதால் 4 என்றே காட்டும். நான் ஒரு நிலையத்தில் வெப்பநிலைப் புத்தகத்தை விரித்தேன். மாதம் முழுவதும் 4, 4, 4 என்று ஒரே பேனையில், ஒரே சாய்வில், ஒரே இருப்பில் எழுதியது போலிருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் இயந்திரத்தின் கம்பிச் சுருளில் வைக்கோல் தூசி கம்பளிபோல் ஒட்டியிருந்தது. காற்று போக வழியில்லை. கொதிக்க வைத்தால் திரையும் பால் அங்கிருந்து போனதில் வியப்பில்லை. வறண்ட மாதங்களில் பக்கத்துச் சங்கத்தின் தாங்கியோடு பாலைச் சேர்த்துவிட்டு, சொந்தத் தாங்கியை நிறுத்திவைப்பது இந்த இரண்டு இழப்பையும் ஒன்றாகக் குறைக்கும். மின்சாரமும் மிச்சம், பாலும் மிச்சம்.

போனசுக்கு வருகிறேன். இலாபத்திலிருந்து கொடுப்பதா, விலையில் நிறுத்திவைத்துப் பிறகு கொடுப்பதா என்பதைச் சங்கம் வருட ஆரம்பத்திலேயே பொதுக்கூட்டத்தில் தீர்மானித்துக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். இலாபப் பங்கு என்றால் இலாபம் இல்லாத வருடத்தில் இல்லை என்று சொல்ல உரிமை உண்டு. "லீற்றருக்கு 4 ரூபா" என்று அறிவித்துப் பாலை வாங்கினால் அது இலாபப் பங்கு இல்லை, அங்கத்தவரிடமிருந்து பிடித்துவைத்த பால் விலை. ஐந்தொகையில் அது அங்கத்தவர்களுக்குச் செலுத்தவேண்டிய கடன் என்ற இடத்தில் நிற்கவேண்டும். என் மச்சாளின் சங்கம் அறிவித்தது இரண்டாவதை, கணக்கில் போட்டது முதலாவதை.

தொழிற்சாலையின் காசோலை மாறும் அன்றே, அந்தப் பட்டியலில் உள்ள லீற்றரை 4ஆல் பெருக்கி, அந்தத் தொகையைத் தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடவேண்டும். அதன்பிறகு நிலையத்துக்கு மிஞ்சுவது லீற்றருக்கு 16 ரூபா. நல்ல மாதத்தில் 80,000 மிஞ்சும், வறண்ட மாதத்தில் அதே 80,000 குறையும். ஆகவே ஆனி பிறக்குமுன் நிலையத்தின் கையில் 3,20,000 இருக்கவேண்டும் என்று பாதீட்டிலேயே தெரிந்துவிடும். மேலே சொன்ன மோசமான வருடத்தின் பாலையும் டீசலையும் இந்த முறையில் போட்டுப் பார்த்தால், மொத்தத்தில் அதே 22,000 ரூபா நிலையத்தின் கணக்கில் குறையும். 4 ரூபா தாங்காது, 3 ரூபா தாங்கும் என்பது அந்தக் கணக்கிலிருந்தே வரும். அங்கத்தவருக்கு 3 ரூபா என்று சொல்லிக் கொடுப்பது, 4 ரூபா என்று சொல்லிக் கைவிரிப்பதைவிட எவ்வளவோ மேல். பால் திரும்பி வரும் நாளுக்கு இதுவும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு ஒதுக்கில் ஒரு தொகை தனியாக இருக்கவேண்டும், அதைப் போனசிலிருந்து எடுக்கக்கூடாது.

இதைச் சரிபார்க்க அங்கத்தவர் யாருக்கும் கணக்கியல் படிப்பு வேண்டியதில்லை. ஆனி முப்பதாம் திகதி, தை முதல் வாங்கிய மொத்த லீற்றரை 4ஆல் பெருக்கினால் எவ்வளவோ, அவ்வளவு அந்தத் தனிக் கணக்கின் பாஸ்புத்தகத்தில் இருக்கவேண்டும். கடைசிக் காசோலை இன்னும் மாறாவிட்டால் அதற்குரிய லீற்றரை மட்டும் கழித்துக்கொள்ளலாம். மற்றபடி தொகை குறைந்திருந்தால், குறைந்த தொகைக்குக் கடன் பதிவு எங்கே என்று கேட்கலாம்.

மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களங்கள் சங்கங்களின் கணக்குகளைப் பரிசோதிக்கும்போது இந்த ஒரு பெருக்கலையும் போட்டுப் பார்த்து அறிக்கையில் எழுதவேண்டும் என்று உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்கிறேன். வருடம் முடிந்தபிறகு வரும் பரிசோதனையில் காசு போன வழிதான் தெரியும். அரை வருடத்தில் பார்த்தால் மீட்க நான்கு மாதமாவது கையில் இருக்கும். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு மச்சாள் தன் பால் புத்தகத்தோடு போவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை அதன் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கணக்காளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.